சிவப்புக் குச்சியா, மஞ்சள் கீற்றா: சளி ஸ்லைடில் கிருமியை எண்ண எந்த முறை?

போன மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு என் கைபேசிக்கு இரண்டு படங்கள் வந்தன. அனுப்பியவர் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் ஒரு சிறிய லேபில் வேலை பார்க்கும் பெண். முதல் படத்தில் வெளிர்நீலப் பின்னணியில் இரண்டு மெல்லிய சிவப்புக் குச்சிகள். இரண்டாவதில் கருத்த பின்னணியில் எட்டு மஞ்சள் கீற்றுகள், மழை இரவில் தெருவிளக்கைப் பார்த்ததுபோல.

“அக்கா, ஒரே ஆளின் சளிதான். பழைய மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் 1+ வருகிறது. விற்பனையாளர் ஒரு வாரம் பார்க்கச் சொல்லி வைத்துவிட்டுப் போன எல்.இ.டி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் 2+ வருகிறது. எதை எழுதுவது? இதை வாங்கலாமா என்று முதலாளி வேறு கேட்கிறார்.”

காசநோய்க் கிருமியைத் தேடி முப்பது வருடம் சளி ஸ்லைடு பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. வியாசர்பாடியிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் இதையே வேறு வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள். அதனால் அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு படம் என்பது ஒரு ஃபீல்டு, அதாவது லென்ஸ் வழியே ஒரு நேரத்தில் தெரியும் வட்டம். படமெடுக்கிறவர்கள் கிருமி நன்றாகத் தெரியும் இடத்தைத் தேடித்தான் எடுப்பார்கள். வெறும் நீலத்தைப் படமெடுத்து யார் அனுப்புகிறார்கள்? எனவே படத்தை வைத்து 1+, 2+ என்று கிரேடு சொல்ல முடியாது. கிரேடு என்பது பல ஃபீல்டுகளை வரிசையாகப் பார்த்து எண்ணியதன் கணக்கு. “மொத்தம் எத்தனை ஃபீல்டு பார்த்தாய், எத்தனை எண்ணினாய், எந்த லென்ஸ்?” என்று திருப்பிக் கேட்டேன். பழைய முறையில் 100 ஃபீல்டு பார்த்து 34 கிருமி. புதியதில் 20 மடங்கு லென்ஸில் 30 ஃபீல்டு பார்த்து 228. இந்த நான்கு எண்கள் கையில் இருந்தால் போதும், பதில் சொல்லிவிடலாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

விலைப்பட்டியலிலிருந்து தொடங்கினால் தவறான இடத்தில் போய் நிற்போம். நான் மூன்று விஷயங்களைத்தான் பார்ப்பேன்.

ஒன்று, உட்கார்ந்து பார்க்கும் நேரத்துக்குள் ஸ்லைடில் எவ்வளவு பரப்பு கண்ணில் படுகிறது. கிருமி மிகக் குறைவாக உள்ள சளியில் அது அகப்படுமா, தப்பிவிடுமா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

இரண்டு, கிடைத்த எண்ணிக்கையைக் கிரேடாக மாற்றும்போது எவ்வளவு எளிதாகத் தவறு நேரும். சிகிச்சை தொடங்கி இரண்டு மாதம் கழித்து டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்கப் போவது இந்தக் கிரேடைத்தான்.

மூன்று, நாளைக்கு வேறொருவர் அதே ஸ்லைடை எடுத்துச் சரிபார்க்க முடியுமா.

பராமரிப்பு, மின்சாரம், ரசாயனம் எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான். அவற்றையும் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் மறைந்திருக்கும் செலவு அங்கேதான் இருக்கிறது.

## ஜீல்–நீல்சன்: சிவப்புக் குச்சி

பழைய மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கான சாயமேற்றும் முறை இது. லேபில் இதை இசட்.என். என்பார்கள். ஸ்மியர், அதாவது ஸ்லைடில் பரப்பிக் காயவைத்த சளி, அதன் மீது 1 சதவீத கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம் ஊற்றி, அடியிலிருந்து ஆவி எழும் வரை சூடாக்கி, 5 நிமிடம் விடவேண்டும். கொதிக்க விடக்கூடாது. கழுவிவிட்டு 25 சதவீத கந்தக அமிலம் 2 முதல் 4 நிமிடம். மறுபடி கழுவி 0.1 சதவீத மெத்திலீன் புளூ 30 விநாடி. காசநோய்க் கிருமியின் மேலுறை மெழுகு போன்றது. சூட்டில் உள்ளே போன சிவப்பை அமிலம் ஊற்றினாலும் அது விடாது. மற்றவை எல்லாம் சிவப்பை இழந்து நீலத்தை ஏற்றுக்கொள்கின்றன. ‘அமிலத்துக்கு அசையாத குச்சி’ என்ற பொருளில் ஏ.எஃப்.பி. என்று எழுதுவது இதனால்தான்.

பார்ப்பது ஆயில் லென்ஸில், மொத்தம் 1000 மடங்கு பெரிதாக்கி. இங்கேதான் அந்தப் பரப்புக் கணக்கு வருகிறது. கண்வில்லையின் பக்கவாட்டில் 18 அல்லது 20 என்று ஓர் எண் இருக்கும். 20 என்றால், 100 மடங்கு லென்ஸில் தெரியும் வட்டத்தின் விட்டம் 0.2 மில்லிமீட்டர். அதன் பரப்பு 0.03 சதுர மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். நூறு ஃபீல்டு பார்த்தால் ஏறக்குறைய 3 சதுர மில்லிமீட்டர். நம் ஊரில் ஸ்மியர் போடுவது 3 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலம், அதாவது 600 சதுர மில்லிமீட்டர். ஆக, முதுகு வலிக்க உட்கார்ந்து நூறு ஃபீல்டு பார்த்த பிறகும் நாம் கண்டது ஸ்மியரில் இருநூறில் ஒரு பங்கு.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள ஒரு சளியை எடுத்துக்கொள்வோம். அதில் சராசரியாக 100 ஃபீல்டுக்கு ஒரு கிருமி இருக்கிறது. நீங்கள் நேர்மையாக நூறையும் பார்க்கிறீர்கள். கிருமிகள் சிதறிக் கிடப்பதால், இதேபோன்ற நூறு ஸ்லைடில் 37 ஸ்லைடில் உங்களுக்கு ஒன்றும் அகப்படாது. அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை, வெறும் தற்செயல். ஐம்பது ஃபீல்டோடு நிறுத்திக்கொண்டால் தவறவிடும் எண்ணிக்கை 61 ஆகிவிடும். மாலை ஐந்து மணிக்கு வரும் ஸ்லைடுகளில் நெகட்டிவ் கூடுதலாக வருவதற்குக் காரணம் இதுதான் என்று நான் எப்போதோ முடிவுகட்டிவிட்டேன்.

கிரேடு அட்டவணை இந்த முறைக்கு எளிது. நூறு ஃபீல்டில் 1 முதல் 9 வரை கண்டால் ஸ்கேன்ட்டி. அப்போது கண்ட எண்ணையே எழுதவேண்டும். 10 முதல் 99 வரை 1+. சராசரியாக ஒரு ஃபீல்டுக்கு 1 முதல் 10 வரை இருந்தால் 2+, அதற்கு 50 ஃபீல்டு பார்த்தால் போதும். ஃபீல்டுக்குப் பத்துக்கு மேல் போனால் 3+, அதற்கு 20 ஃபீல்டே போதும். கொருக்குப்பேட்டைப் பெண்ணின் 34 என்பது சந்தேகத்துக்கு இடமில்லாத 1+.

நெகட்டிவ் என்று எழுதத்தான் முழு நூறும் தேவை. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பாசிட்டிவ் கிடைத்த ஸ்லைடில் ஆசையாக எண்ணிக்கொண்டே போவார்கள், காலியாக இருக்கும் ஸ்லைடில் பொறுமை இழந்து முப்பதில் நிறுத்திவிடுவார்கள்.

இசட்.என்.-இன் பெரிய பலம் மூன்றாவது விஷயத்தில் இருக்கிறது. சாயம் நிற்கும். ஸ்லைடைப் பெட்டியில் வைத்தால் சில மாதம் கழித்தும் மேற்பார்வையாளர் எடுத்துப் பார்க்கலாம். மின்சாரம் போனாலும், கண்ணாடியில் வெளிச்சம் வாங்கும் மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் நகர்த்தி வேலையை முடித்த நாட்கள் எனக்கு உண்டு. லென்ஸ் ஒன்று போனால் பாரிமுனையில் கிடைக்கும்.

மறைந்த செலவு என்று பார்த்தால், முதலில் நேரம். ஒழுங்காகப் பார்த்தால் ஒரு நெகட்டிவ் ஸ்லைடுக்கு 5 நிமிடத்துக்குக் குறையாது. ஒருவர் நாளுக்கு இருபது, இருபத்தைந்துக்கு மேல் பார்த்தால் கண் ஏமாற்றத் தொடங்கும். அடுத்தது ஆயில். பாசிட்டிவ் ஸ்லைடிலிருந்து உரிந்த கிருமி ஆயிலோடு லென்ஸில் ஒட்டிக்கொண்டு அடுத்தவர் ஸ்லைடில் போய் இறங்கும். ஒவ்வொரு பாசிட்டிவுக்குப் பிறகும் லென்ஸ் பேப்பரால் துடைக்கவேண்டும். ஆயில் சொட்டும்போது குச்சி ஸ்லைடைத் தொடக்கூடாது.

மூன்றாவது தண்ணீர். வடசென்னையில் இதைத் தனியாகச் சொல்லவேண்டும். லாரித் தண்ணீரும் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரும் கழுவுவதற்குப் போதும் என்று நினைக்கிறோம். தேங்கிய தொட்டியிலும் குழாய்க்குள்ளும் காசநோயை உண்டாக்காத, ஆனால் அதே சிவப்பைப் பிடித்துக்கொள்ளும் உறவுக்காரக் கிருமிகள் வளரும். அவை ஸ்லைடில் ஒட்டினால் யாருக்கும் இல்லாத நோய்க்கு ஸ்கேன்ட்டி எழுதிவிடுவோம். நானே ஒரு வாரம் அப்படி மாட்டிக்கொண்டேன். அடுத்தடுத்து ஐந்து பேருக்கு 2, 3, 2 என்று ஸ்கேன்ட்டி. ஒருவரிடமும் அறிகுறி பொருந்தவில்லை. காலி ஸ்லைடு ஒன்றைச் சளியே போடாமல் சாயமேற்றிப் பார்த்தேன், அதிலும் சிவப்புக் குச்சி! அன்றிலிருந்து சாயம் கரைப்பதற்கும் கழுவுவதற்கும் காய்ச்சி வடித்த நீர்தான். ஒரே வாரத்தில் ஸ்கேன்ட்டி குவிந்தால் நோயாளிகளைச் சந்தேகிக்கும் முன் வாளியைச் சந்தேகியுங்கள்.

## ஆரமின், எல்.இ.டி.: மஞ்சள் கீற்று

இதில் சூடாக்கும் வேலை இல்லை. மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு ஸ்பிரிட் விளக்கோடு நின்றவர்களுக்கு மட்டுமே இதன் அருமை தெரியும். 0.1 சதவீத ஆரமின் சாயம் 20 நிமிடம், அமிலம் கலந்த ஆல்கஹால் 3 நிமிடம், பொட்டாசியம் பர்மாங்கனேட் 1 நிமிடம். நீல ஒளி பட்டதும் கிருமி மஞ்சளாக ஒளிரும். பின்னணியை இருட்டாக்குவது பர்மாங்கனேட். அது ஒரு நிமிடத்தைத் தாண்டினால் பின்னணியோடு கிருமியும் மங்கிவிடும். கடிகாரம் பார்க்காத கைக்கு இந்த முறை ஒத்துவராது.

முன்பு இதற்குப் பாதரச விளக்கு வேண்டும், இருட்டறை வேண்டும், சில நூறு மணி நேரத்தில் விளக்கு தீர்ந்துவிடும். அதனால் பெரிய மருத்துவமனைகளோடு நின்றது. எல்.இ.டி. வந்த பிறகு அந்தத் தொல்லைகள் ஒழிந்தன. 2011-இல் உலக சுகாதார நிறுவனம் வழக்கமான மைக்ராஸ்கோப் இருக்குமிடத்தில் படிப்படியாக எல்.இ.டி.-க்கு மாறச் சொன்னது. இசட்.என்.-ஐவிட ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுதலாகக் கண்டுபிடிக்கிறது என்பது அதற்கான முக்கியக் காரணம்.

அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது? மறுபடியும் பரப்புதான். கருப்பில் மஞ்சள் பளிச்சென்று தெரிவதால் 1000 மடங்கு தேவையில்லை, 20 மடங்கு லென்ஸ் போதும். கண்வில்லையோடு சேர்த்து 200 மடங்கு. அதில் வட்டத்தின் விட்டம் 1 மில்லிமீட்டர். விட்டம் ஐந்து மடங்கு என்றால் பரப்பு 25 மடங்கு. முப்பது ஃபீல்டில் ஏறக்குறைய 23.5 சதுர மில்லிமீட்டர் பார்த்துவிடுகிறோம். இசட்.என்.-இல் நூறு ஃபீல்டில் பார்த்ததைப்போல ஏழரை மடங்கு, அதுவும் என் கைப்பழக்கத்தில் இரண்டு நிமிடத்துக்குள். முன்பு சொன்ன சளியில், அந்தப் பரப்பில் ஏழெட்டுக் கிருமி கிடக்கும். ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போவது அரிது.

ஆனால் இரண்டாவது விஷயத்தில், கிரேடு மாற்றுவதில், இந்த முறைதான் அதிகம் கவிழ்க்கிறது. ஃபீல்டின் அளவு மாறிவிட்டதால் அட்டவணையும் மாறவேண்டும். கீழே இருப்பவை சர்வதேச லேப் கையேடுகளில் உள்ள எல்லைகள்.

| கிரேடு | இசட்.என்., 1000 மடங்கு | ஆரமின், 200 மடங்கு | ஆரமின், 400 மடங்கு |
|---|---|---|---|
| பார்க்கவேண்டியது | 100 ஃபீல்டு | 30 ஃபீல்டு | 40 ஃபீல்டு |
| நெகட்டிவ் | 0 | 0 | 0 |
| ஸ்கேன்ட்டி | மொத்தம் 1–9 | மொத்தம் 1–29 | மொத்தம் 1–19 |
| 1+ | மொத்தம் 10–99 | மொத்தம் 30–299 | மொத்தம் 20–199 |
| 2+ | ஃபீல்டுக்கு 1–10 | ஃபீல்டுக்கு 10–100 | ஃபீல்டுக்கு 5–50 |
| 3+ | ஃபீல்டுக்கு 10-க்கு மேல் | ஃபீல்டுக்கு 100-க்கு மேல் | ஃபீல்டுக்கு 50-க்கு மேல் |

இப்போது கொருக்குப்பேட்டைக்கு வருவோம். 30 ஃபீல்டில் 228, ஃபீல்டுக்குச் சராசரி ஏழரைக்குச் சற்று மேல். அந்தப் பெண் சுவரில் ஒட்டியிருந்த பழைய அட்டவணையைப் பார்த்திருக்கிறார். “ஃபீல்டுக்கு 1 முதல் 10 வரை: 2+.” எழுதிவிட்டார். சரியான பத்தியில் பார்த்தால் 228 என்பது 30-க்கும் 299-க்கும் இடையே விழுகிறது, அதாவது 1+. இரண்டு மைக்ராஸ்கோப்பும் ஒரே செய்தியைத்தான் சொல்லியிருக்கின்றன. வேறுபட்டது சுவர்.

கணக்கைப் பின்னோக்கிப் போட்டும் பார்க்கலாம். இசட்.என்.-இல் 3.14 சதுர மில்லிமீட்டரில் 34. ஏழரை மடங்கு பரப்பில் 255 எதிர்பார்க்கலாம். வந்தது 228. ஒரே சளியிலிருந்து எடுத்த இரண்டு ஸ்மியருக்கு இது நல்ல ஒற்றுமை. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் இடையே ஐந்து மடங்கு வித்தியாசம் என்றால்தான் சாயத்தையோ ஸ்மியரின் தடிமனையோ சந்தேகிப்பேன்.

சரி, ஒரு கிரேடு தப்பினால் என்ன? சிகிச்சை தொடங்கும் நாளில் ஒன்றும் இல்லை. 1+ ஆனாலும் 2+ ஆனாலும் மருந்து ஒன்றுதான். இரண்டாம் மாத முடிவில்தான் அது கடிக்கும். இதே நோயாளிக்கு முதலில் தவறாக 2+ எழுதியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் மைக்ராஸ்கோப்பை எடுத்துப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து இசட்.என்.-இல் பார்க்கிறார்கள், 30 கிருமி, 1+. டாக்டர் தாளைப் பார்க்கிறார்: 2+ இறங்கி 1+ ஆகியிருக்கிறது, மருந்து வேலை செய்கிறது. உண்மையில் 34 இருந்தது 30 ஆகியிருக்கிறது, அதாவது அசையவே இல்லை. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டாரா, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்காமல் எதிர்ப்புக் காட்டுகிறதா என்று அன்றே தேடியிருக்கவேண்டியது தள்ளிப்போகும்.

இன்னொரு சங்கடம், இந்தத் தவறு மேற்பார்வையில் அகப்படாது. ஸ்லைடுகளை மறுபடி பார்க்கும்போது, இரண்டு பாசிட்டிவ் வாசிப்புகளுக்கு இடையே ஒரு கிரேடுக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் எண்ணிக்கைப் பிழை என்று குறிப்பார்கள். 1+, 2+ வித்தியாசம் தேறிவிடும். ஒவ்வொரு ஸ்லைடும் தேறி, எல்லா ஸ்லைடும் ஒரே திசையில் சாய்ந்திருக்கும்.

மூன்றாவது விஷயத்திலும் ஆரமின் கொஞ்சம் பின்தங்குகிறது. ஒளி மங்கும். சாயமேற்றியதும் இருட்டில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிடுவது நல்லது. ஒரு மாதம் கழித்து மேற்பார்வையாளர் அதே ஸ்லைடை நெகட்டிவ் என்றால், முதலில் பார்த்தவர் தப்பா, சாயம் போய்விட்டதா என்று சொல்ல முடியாது. தப்பிக்க ஒரு வழி உண்டு. ஆரமின் ஸ்லைடின் மீதே இசட்.என். சாயம் ஏற்றி மறுபடி பார்க்கலாம். வழக்கத்தில் இதைத் தலைகீழாகச் செய்வதில்லை.

மறைந்த செலவு இங்கே வேறு மாதிரி. ஆரமின் கரைசலைப் பழுப்பு பாட்டிலில், இருட்டில் வைக்கவேண்டும். பழையதானால் கிருமி மங்கும், யாருக்கும் தெரியாது, எல்லாம் நெகட்டிவாக வரும். எனவே ஒவ்வொரு தொகுதியோடும் தெரிந்த ஒரு பாசிட்டிவ், ஒரு நெகட்டிவ் ஸ்லைடு ஓட்டியாகவேண்டும். இது விலைப்பட்டியலில் இல்லாத செலவு, தினசரிச் செலவு. பிறகு கண்ணுக்குப் பயிற்சி. உணவுத் துகளும் பஞ்சு இழையும்கூட மஞ்சளாக மின்னும். மின்னுவதெல்லாம் கிருமி என்று எழுதும் புதியவரை முதல் மாதத்தில் தனியே விடக்கூடாது. 20-இல் கண்டதை 40 லென்ஸுக்கு மாற்றி, குச்சி வடிவம் இருக்கிறதா என்று உறுதிசெய்யும் பழக்கம் வரவேண்டும். அந்த 40 லென்ஸில் ஆயில் படக்கூடாது. பழைய கை ஆயிலைச் சொட்டிவிடும், நானும் சொட்டியிருக்கிறேன்.

காசிமேடு, ராயபுரம் பக்கம் கடல் காற்றும் ஈரமும் லென்ஸில் பூஞ்சையைக் கொண்டுவரும். இது இரண்டு முறைக்கும் பொது. ஆனால் ஒளிரும் கிருமியைத் தேடுகிறவருக்குப் பூஞ்சை படர்ந்த லென்ஸ் கூடுதல் தண்டனை. இரவில் மைக்ராஸ்கோப்பைச் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டிக்குள் வையுங்கள். நீல மணிகள் வெளிறியதும் சூடாக்கிக் காயவையுங்கள்.

## இரண்டுமே வேண்டாம் என்ற மூன்றாவது வழி

முதலாளிகளுக்கு இது பிடிக்காது, ஆனாலும் சொல்லவேண்டும். மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரிவதற்கு ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருக்கவேண்டும். சிபிநாட், ட்ரூநாட் போன்ற மூலக்கூறு பரிசோதனைகளுக்கு நூறு, இருநூறு இருந்தாலே போதும், ரிஃபாம்பிசின் எதிர்ப்பையும் அவை சொல்லிவிடும். புதிதாகச் சந்தேகப்படும் நோயாளிக்கு அதுதான் முதல் பரிசோதனையாக இருக்கவேண்டும். ஸ்டான்லி, ஓட்டேரி மார்புநோய் மருத்துவமனை போன்ற அரசு இடங்களில் நோயாளிக்குச் செலவும் இல்லை.

அப்படியானால் ஸ்மியர் எதற்கு? சிகிச்சையின் போக்கைப் பார்க்க. மூலக்கூறு பரிசோதனை செத்த கிருமியின் மரபணுவையும் பிடித்துக் காட்டிக்கொண்டிருக்கும், அதனால் இரண்டாம் மாதம், ஆறாம் மாதம் பார்ப்பதற்கு உதவாது. ஸ்மியரிலும் செத்த கிருமி சாயம் பிடிக்கும்தான். ஆனால் அது நாளாக நாளாக எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வரும், அந்த இறக்கத்தை எண்ணிக் காட்ட முடியும். மூலக்கூறு இயந்திரமும் ‘ஹை’, ‘மீடியம்’, ‘லோ’ என்று எழுதித் தருகிறது. அவற்றை 3+, 2+, 1+ என்று மொழிபெயர்த்துத் தாளில் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேறு அளவுகோல், கலக்காதீர்கள்.

வாரத்துக்கு ஐந்தாறு சளிதான் வருகிறது என்றால் எந்த மைக்ராஸ்கோப்பையும் இதற்காக வாங்கவேண்டாம் என்பேன். மாதத்துக்கு ஒரு பாசிட்டிவ் பார்க்கும் கண் அடுத்ததை மறந்துவிடும். சளியை ஒழுங்காக வாங்கி, எச்சில் அல்லாமல் காலையில் இருமித் துப்பிய கெட்டிச் சளியாகப் பார்த்து, மூடியை இறுக்கி அரசு மையத்துக்கு அனுப்பிவிடுவது நேர்மையான வேலை. பாசிட்டிவ் வந்தால் தனியார் லேபும் அறிவிக்கவேண்டும் என்பது 2012 முதல் கட்டாயம், அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

## யாருக்கு எது

நாளுக்கு இருபதைத் தாண்டி ஸ்லைடு வருகிறது, பார்ப்பதற்கு ஒருவர்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், எல்.இ.டி. அங்கே இசட்.என்.-ஐப் பிடித்துக்கொண்டிருப்பது சிக்கனமே அல்ல. அவர் நூறு ஃபீல்டு பார்க்கப்போவதில்லை, பார்த்ததாக எழுதப்போகிறார்.

நாளுக்கு ஐந்து முதல் பத்து, ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள், மின்சாரம் நம்பமுடியாது, தெரிந்த பாசிட்டிவ், நெகட்டிவ் ஸ்லைடு தயாரித்துத் தர யாரும் இல்லை என்றால் இசட்.என்.-ஐயே சுத்தமாகச் செய்யுங்கள். மங்கிய ஆரமினில் எல்லோருக்கும் நெகட்டிவ் கொடுப்பதைவிட அது மேல்.

இடையில் இருப்பவர்களுக்கு, பழைய மைக்ராஸ்கோப்பிலேயே பொருத்தும் எல்.இ.டி. இணைப்பு நல்ல வழி. முழு இயந்திரத்தைவிடச் செலவு குறைவு. ஆனால் வாங்கும் முன் உங்கள் மைக்ராஸ்கோப்பில் 20 லென்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய மைக்ராஸ்கோப்பில் 10, 40, 100 மட்டும்தான் இருக்கும். அப்போது 40-இல் பார்க்கவேண்டும், அட்டவணையின் கடைசிப் பத்திக்குப் போகவேண்டும், இசட்.என்.-ஐவிடக் கூடுதலாகக் கிடைக்கும் பரப்பு ஏழரை மடங்கிலிருந்து இரண்டரை மடங்காகச் சுருங்கும். விற்பனையாளர் இதைச் சொல்லமாட்டார்.

எதை வாங்கினாலும் ஒரே நோயாளியை ஆறு மாதமும் ஒரே முறையில் பாருங்கள். நடுவில் மாற்றவேண்டி வந்தால், மாற்றும் நாளில் இரண்டு முறையிலும் பார்த்து இரண்டு எண்ணையும் எழுதுங்கள்.

கொருக்குப்பேட்டை லேபில் நாளுக்குப் பதினைந்து ஸ்லைடு வருகிறது. இணைப்பை மட்டும் வாங்கி, 20 லென்ஸ் ஒன்றும் சேர்த்துப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். போன வாரம் நேரில் போனேன். சுவரில் இருந்த பழைய அட்டவணையைக் கிழித்துவிட்டு மூன்று பத்தி அட்டவணையை லேமினேட் செய்து ஒட்டியிருந்தார்கள். அறிக்கைத் தாளில் கிரேடுக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு கட்டங்கள்: முறை, மடங்கு. அந்த நோயாளியின் தாளில் 2+ என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் 1+ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டிருந்தார் அந்தப் பெண். “டாக்டருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன் அக்கா” என்றார். “திட்டினாரா?” என்று கேட்டேன். “இல்லை அக்கா, நல்லவேளை இப்போதே சொன்னாய் என்றார். அடுத்த தடவையும் 228 மாதிரி எண்ணிக்கையையும் சேர்த்தே எழுதி அனுப்பச் சொன்னார், 1+ மட்டும் போதாதாம்.”